‘ஸ்டில்’ என்று முடியும் ஐந்து ஈரடிகள்: ஆங்கில கஜல் ஒன்றைப் பட்டறைக்கு முன் பழுது பார்த்தல்

அரசலாற்றங்கரை எழுதியது:

கும்பகோணத்துக்கு அருகே ஒரு கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். அடுத்த மாதம் நடக்கவிருக்கும் மேல்நிலைக் கவிதைப் பட்டறைக்கு, ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்து முடிக்கும் ஆங்கில கஜல் ஒன்றை எழுதிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். ‘வாட்டர்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டு ஏழு ஈரடிகள் எழுதி அனுப்பினேன். ஜூன் 12 அன்று மேட்டூரில் மதகு திறப்பதில் தொடங்கி, முக்கொம்பு, கல்லணை, வெண்ணாறு, கிளை வாய்க்கால் என்று தண்ணீரோடு நடந்து, கடைமடையில் நாற்றங்காலில் முடிகிறது. வரிகளின் முடிவுகள் இப்படி இருந்தன: ‘வெயிட் ஃபார் வாட்டர்’, ‘ப்ரே ஃபார் வாட்டர்’, ‘லிவ் பை வாட்டர்’, ‘ஃபைட் ஓவர் வாட்டர்’. பட்டறையை நடத்துபவர் ஓரத்தில் ஒரே ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்: “தண்ணீர் ஓடவில்லை, தேங்கி நிற்கிறது.” குறை இருக்கிறது என்று எனக்கும் தெரிகிறது, ஆனால் எந்த இடத்தில் என்று பிடிபடவில்லை. இக்குழுமத்தின் வழக்கப்படி ஆங்கில வரிகளைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். உரக்கப் படித்தால் ஓசை கிடைக்கும்.

திருவையாற்றுத் தம்புரா எழுதியது:

கஜல் என்றதும் ஆவலோடு வந்தேன். எந்த ராகத்தில் அமைத்திருக்கிறீர்கள் அம்மா? பதிவு செய்த ஒலிக்கோப்பு இருந்தால் இணைத்தால் நன்றாக இருக்கும். ஆங்கிலச் சொற்களை விளம்ப காலத்தில் பாடினால் மெய்யெழுத்துகள் நாக்கில் இடறும் என்பது என் அனுபவம்.

அரசலாற்றங்கரை எழுதியது:

ஐயா, இது பாடுவதற்கு எழுதியதல்ல, ஏட்டில் படிக்கும் கவிதை. ராகம் எதுவும் இல்லை. குழப்பியதற்கு மன்னிக்கவும்.

வெண்ணாற்று வாசகன் எழுதியது:

சகோதரி, உங்கள் கவிதையில் பெரிய குறை ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. திரும்ப வரும் சொல் சரியாக வந்துகொண்டுதானே இருக்கிறது? அதற்கு முன் ஓர் எதுகை போன்ற ஒலி வர வேண்டும் என்பது உருதுக்காரர்களின் கட்டுப்பாடு. ஆங்கிலத்தில் ஒலி ஒத்த சொற்கள் குறைவு என்பதால் அங்கே அதை விட்டுவிட்டார்கள். அமெரிக்கக் கவிஞர் அட்ரியன் ரிச் 1968 இல் உருதுக் கவிஞர் காலிப்பை நினைந்து எழுதிய கஜல்களில் அந்த ஒலியும் இல்லை, திரும்ப வரும் சொல்லும் இல்லை. ஈரடி தனித்து நிற்பது ஒன்றே போதும் என்று அவர் கொண்டார். பட்டறைக்காரர் பழைய யாப்பைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார் என்று நினைக்கிறேன்.

குடமுருட்டி எழுதியது:

பாபநாசத்தில் இருக்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலக் கவிதை கற்பித்து ஓய்வு பெற்றவன். தம்பி வெண்ணாற்று வாசகன் சொன்னதில் ரிச் பற்றிய பகுதி சரி. ஆனால் அதிலிருந்து அவர் எடுத்த முடிவு தலைகீழாக இருக்கிறது. உருது மரபில் திரும்ப வரும் சொல்லான ரதீஃப் இல்லாத கஜல்கள் உண்டு. அவற்றைக் கஜல் என்றே ஏற்கிறார்கள். அதற்கு முன் வரும் ஒத்த ஒலியான காஃபியா இல்லாத கஜல் மரபில் இல்லை. ஆகவே இரண்டில் ஒன்றை விடத்தான் வேண்டும் என்றால் விடக்கூடியது ரதீஃப், காஃபியா அல்ல. அம்மாவின் ‘வாட்டர்’ வரிகள் விடக்கூடியதை வைத்துக்கொண்டு, விடக்கூடாததை விட்டுவிட்டன. வெயிட், ப்ரே, லிவ், ஃபைட் ஆகிய நான்கும் ஒலியால் ஒன்றுக்கொன்று உறவில்லாதவை. இடையில் வரும் ‘ஃபார்’, ‘பை’, ‘ஓவர்’ என்பனவும் மாறிக்கொண்டே போகின்றன. கேட்பவருக்குக் கடைசிச் சொல் வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லும் அடையாளம் எதுவும் இல்லை. உருதுக் கவியரங்கமான முஷாயிராவில் கவிஞர் காஃபியாவைத் தொட்டவுடன் சபை ரதீஃபைச் சேர்ந்து சொல்லிவிடுகிறது. அந்த இன்பத்துக்குக் காரணமே காஃபியாதான்.

ஆனால் இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது, அது மொழிகளின் அமைப்பில் இருக்கிறது. காலிப்பின் புகழ்பெற்ற கஜல் ஒன்றில் “நஹீன் ஆதீ” என்பது ரதீஃப். தமிழில் சொன்னால் “வருவதில்லை”. அதற்கு முன் பர், நஸர், பர் என்று ‘அர்’ ஒலி வருகிறது. முதலில் நம்பிக்கை பலிப்பதாய் வருவதில்லை, பிறகு வழி கண்ணில் வருவதில்லை, அடுத்த ஈரடியில் சாவுக்கு ஒரு நாள் குறித்திருக்கும்போது இரவெல்லாம் தூக்கம் ஏன் வருவதில்லை என்று கேட்கிறார். உருதுவும் தமிழைப் போலவே வினையை வாக்கியத்தின் முடிவில் வைக்கும் மொழி. அதனால் ரதீஃப் இயல்பாகவே வினையாக அமைகிறது, எது வரவில்லை என்பது ஈரடிக்கு ஈரடி மாறிக்கொண்டே இருக்க முடிகிறது. ஆங்கில வாக்கியம் பெரும்பாலும் பெயரிலோ, இடத்தையும் காலத்தையும் குறிக்கும் அடையிலோ முடிகிறது. பெயரை ரதீஃபாக வைத்தால் ஒவ்வொரு வாக்கியமும் அந்தப் பொருளை நோக்கியே ஓட வேண்டியிருக்கும். ‘வாட்டர்’ அப்படித்தான் உங்களைப் பிடித்துக்கொண்டது. தண்ணீருக்காகக் காத்திருக்கலாம், வேண்டலாம், சண்டையிடலாம், எப்படியும் தண்ணீர் தண்ணீராகவேதான் இருக்கும். ஆகா ஷாஹித் அலி ஆங்கிலத்தில் கஜலை முழு யாப்போடு எழுத வேண்டும் என்று வாதாடி, அத்தகைய கஜல்களின் தொகுப்பு ஒன்றையும் 2000 இல் கொண்டுவந்தவர். அவர் தம்முடைய கஜல் ஒன்றுக்கு ‘டுநைட்’ என்ற காலச் சொல்லையும், இன்னொன்றுக்கு ‘ஈவன் த ரெய்ன்’ என்ற தொடரையும் எடுத்துக்கொண்டார். இரண்டும் வாக்கியத்தின் வாலில் எளிதாக ஒட்டிக்கொள்ளக்கூடியவை என்பதைக் கவனியுங்கள்.

கடைமடைக்காரன் எழுதியது:

எனக்கு ஆங்கிலக் கவிதை அதிகம் தெரியாது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் விவசாயம் செய்கிறேன், தமிழில் கொஞ்சம் எழுதுவேன். ‘இல்லை’ என்ற சொல்லில் முடியும் கஜல் ஒன்றைப் போன ஆண்டு எழுதினேன், எந்தத் தொல்லையும் இல்லாமல் வந்தது. ஐயா சொன்னதைப் படித்த பிறகுதான் அது என் திறமையால் அல்ல, தமிழ் இலக்கணத்தின் தயவால் வந்தது என்று புரிகிறது.

அம்மாவின் கவிதையில் எனக்கு வேறொரு சந்தேகம். மேட்டூர், முக்கொம்பு, கல்லணை என்று வரிசையாகப் போனால் அது நீர்வளத்துறையின் நீர்வரத்து அறிக்கை மாதிரி இருக்காதா?

குடமுருட்டி எழுதியது:

சிரித்துவிட்டேன் தம்பி, ஆனால் குறையைச் சரியாகப் பிடித்தீர்கள். கஜலின் ஈரடியை ஷேர் என்பார்கள், ஒவ்வொரு ஷேரும் தனிக் கவிதை. ஒரு ஷேரில் பிரிவு, அடுத்ததில் கடவுள், அதற்கடுத்ததில் கள் என்று தாவும். கதையாகக் கோத்துவிட்டால் தாவல் போய்விடுகிறது. இதைச் சோதிக்க நான் மாணவர்களுக்குச் சொல்லும் வழி: ஒவ்வொரு ஈரடியையும் தனித்தனித் துண்டுச் சீட்டில் எழுதி, முதல் சீட்டையும் கடைசிச் சீட்டையும் மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டு, நடுவில் உள்ளவற்றைச் சீட்டுக்கட்டுப் போலக் கலைத்துப் படியுங்கள். ‘பிறகு’, ‘அது’, ‘அங்கே’ போன்ற சொற்கள் அந்தரத்தில் தொங்கினால், அல்லது தண்ணீர் வெண்ணாற்றிலிருந்து மேட்டூருக்குத் திரும்பி ஓடினால், ஈரடிகள் இன்னும் தனித்து நிற்கவில்லை என்று பொருள்.

ரதீஃபைத் தேர்ந்தெடுப்பதற்கு நம் அணியிலக்கணமே உதவும். வந்த சொல்லே அதே பொருளில் மீண்டும் வந்தால் சொற்பொருள் பின்வருநிலை என்கிறோம். வந்த சொல் பொருள் மாறி வந்தால் சொல் பின்வருநிலை. “பொருளல் லவரைப் பொருளாகச் செய்யும் பொருளல்லது இல்லை பொருள்” என்ற குறளில் ஒரே சொல் மதிப்பாகவும் செல்வமாகவும் புரள்கிறது, அதுவும் ஈரடிக்குள். அம்மாவின் ‘வாட்டர்’ ஏழு இடத்திலும் முதல் வகை. உங்களுக்கு வேண்டியது இரண்டாம் வகைக்கு இடம் தரும் ஆங்கிலச் சொல்.

அரசலாற்றங்கரை எழுதியது:

ஐயா, பத்து நாட்கள் கழித்து வருகிறேன். ஏழு சீட்டுகளில் ஆறைக் கிழித்துப் போட்டேன். புதிய ரதீஃப் ‘ஸ்டில்’. ‘இன்னும்’, ‘அசையாமல்’, ‘அடக்கு’ என்று மூன்று விதமாக நிற்கும் சொல். காஃபியா ‘ஆண்ட்’ என்று எழுத்தில் தெரியும் ஒலி, ஆங்கில உச்சரிப்பில் ‘ஏண்ட்’ என்று நெருங்கும். காஃபியா வரைக்கும் பத்து அசை, பதினோராவது அசை ரதீஃப் என்று எல்லா முடிவடிகளையும் அளந்தேன்.

மத்லா என்னும் முதல் ஈரடி:
த ஸ்லூஸ் இஸ் ரெய்ஸ்ட், அண்ட் வி ஆர் பார்ச்ட் ஆன் லேண்ட் ஸ்டில்.
த ரிவர் கம்ஸ். வி ஹோல்ட் அவுட் ஒன் ட்ரை ஹேண்ட் ஸ்டில்.
மதகு திறந்தாயிற்று, நிலத்தில் நாங்கள் இன்னும் வறண்டிருக்கிறோம். ஆறு வருகிறது, இன்னும் ஒற்றைக் காய்ந்த கையை நீட்டுகிறோம்.

மை ஃபாதர்ஸ் லெட்ஜர் க்ளோஸ்ட் த இயர் ஹி டைட்.
த மணிலெண்டர்ஸ் இங்க் கேன் மேக் ஹிம் ஸ்டேண்ட் ஸ்டில்.
அப்பா இறந்த ஆண்டே அவர் கணக்கு முடிந்தது. வட்டிக்காரரின் மையால் அவரை அசையாமல் நிற்க வைக்க முடிகிறது.

யூ செட் எ வேர்ட் அட் கல்லணை அண்ட் லெஃப்ட்.
டூ தவ்சண்ட் இயர்ஸ் ஆஃப் ஸ்டோன் காண்ட் அண்டர்ஸ்டேண்ட் ஸ்டில்.
கல்லணையில் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனாய். ஈராயிரம் ஆண்டுக் கல்லுக்கு அது இன்னும் விளங்கவில்லை.

பிஹைண்ட் த பாம்ஸ் த டார்க் ட்ரிப்ஸ் ஸ்வீட் அண்ட் ஸ்லோ.
வாட் இஸ் த மூன் அப் தேர்? எ காண்ட்ராபேண்ட் ஸ்டில்.
பனைகளுக்குப் பின்னால் இருட்டு இனிப்பாக, மெல்லச் சொட்டுகிறது. மேலே இருக்கும் நிலா என்ன? திருட்டுச் சாராயம் காய்ச்சும் கலம்.

கடைசி ஈரடியான மக்தாவில் பொன்னி என்ற என் புனைபெயரை வைத்தேன்:
தே ஆஸ்க் ஃபார் பொன்னி அட் த ரிவர்ஸ் மவுத்.
ஸம் ஸால்ட், ஒன் நேம், வெட் லெட்டர்ஸ் ஆன் த சேண்ட் ஸ்டில்.
ஆற்றின் வாயில் பொன்னி எங்கே என்று கேட்கிறார்கள். கொஞ்சம் உப்பு, ஒரு பெயர், மணலில் இன்னும் ஈரம் காயாத எழுத்துகள்.

முதலில் மத்லாவின் இரண்டு வரிகளும் ‘ஸ்டேண்ட்’, ‘அண்டர்ஸ்டேண்ட்’ என்று முடிந்தன. ஏதோ உறுத்தியதால் மாற்றினேன். காரணம் தெரியவில்லை.

குடமுருட்டி எழுதியது:

காது சொன்னதைக் கேட்டு மாற்றியது நல்லது. காரணம் இது: மத்லாதான் சட்டம் இயற்றுகிறது. அதன் இரண்டு வரிகளிலும் எவ்வளவு ஒலி பொதுவாக இருக்கிறதோ, அவ்வளவையும் பின்வரும் ஈரடிகள் காக்க வேண்டும். ‘ஸ்டேண்ட்’, ‘அண்டர்ஸ்டேண்ட்’ என்று தொடங்கியிருந்தால் ‘ஸ்டேண்ட்’ முழுவதும் சட்டமாகியிருக்கும், ‘சேண்ட்’ பிழையாகியிருக்கும். அதோடு ஒரே சொல்லின் மேல் முன்னொட்டு ஏற்றியதை ஒத்த ஒலி என்று காட்டுவது ஏமாற்று வேலை என்று அந்த மரபினர் சொல்வார்கள். ‘லேண்ட்’, ‘ஹேண்ட்’ இரண்டுக்கும் பொதுவாக இருப்பது ஈற்றொலி மட்டும். கதவு போதுமான அளவு திறந்திருக்கிறது.

நான்காம் ஷேர் எனக்கு மிகவும் பிடித்தது. ஆங்கிலத்தில் திருட்டுச் சாராயத்துக்கு ‘மூன்ஷைன்’ என்றே பெயர். நிலவொளி என்று நேர்ப்பொருள். அந்தச் சொல்லை எங்கும் சொல்லாமல் நிலாவையும் சாராயக் கலத்தையும் பக்கத்தில் வைத்துவிட்டீர்கள். ‘ஸ்டில்’ அங்கே பெயர்ச்சொல்லாகிவிட்டது, நீங்கள் எண்ணிய மூன்றுக்கு வெளியே நான்காவது பொருள்.

மூன்றாம் ஷேர்தான் இடிக்கிறது. ‘இன்னும்’ என்ற பொருளில் வரும் ‘ஸ்டில்’, ஆங்கிலத்தில் பெரும்பாலும் வினைக்கு முன்னால் உட்காரும், எதிர்மறையில் ‘காண்ட்’ என்பதற்கும் முன்னால். ‘காண்ட் அண்டர்ஸ்டேண்ட் ஸ்டில்’ என்பது ரதீஃப் தேவைக்காகச் சொல்லைப் பின்னால் இழுத்துப் போட்ட மாதிரி இருக்கிறது. ‘ஸ்டேண்ட் ஸ்டில்’ அப்படி இல்லை, அசையாமை என்ற பொருளுக்கு ஈறே இயல்பான இடம். மத்லாவிலும் மக்தாவிலும் அதே ‘இன்னும்’தான், ஆனால் அங்கே வாக்கியம் உடன்பாடு என்பதால் கவிதைச் சலுகையில் கடந்துபோகிறது.

வெண்ணாற்று வாசகன் எழுதியது:

காஃபியா பற்றி ஐயா சொன்னதை ஏற்கிறேன். இதை ஏற்க மாட்டேன். நம் கல்லூரிகளில், வங்கிகளில், பேருந்தில் எல்லோரும் ‘ஐ காண்ட் அண்டர்ஸ்டேண்ட் ஸ்டில்’ என்றுதான் பேசுகிறார்கள். தஞ்சாவூர் ஆங்கிலம் தஞ்சாவூர்க் கவிதையில் வரக்கூடாதா? லண்டனில் உள்ளவர் காதுக்கு ஏன் திருத்த வேண்டும்?

குடமுருட்டி எழுதியது:

வரலாம் தம்பி, ஆனால் வேண்டுமென்றே வருகிறது என்று தெரிய வேண்டும். மற்ற ஒன்பது வரிகளும் இலக்கண சுத்தமான ஆங்கிலத்தில் இருக்க, இந்த ஒன்று மட்டும் பேச்சு வழக்கில் இருந்தால், படிப்பவர் அதை ரதீஃபின் நெருக்கடி என்றுதான் எண்ணுவார். அந்த வரியில் விளங்காமல் நிற்பது கல். கல்லுக்கு எந்த ஊர் ஆங்கிலம் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கடைமடைக்காரன் எழுதியது:

மத்லா உண்மை. மதகு திறந்த செய்தி தொலைக்காட்சியில் வந்த பிறகும் எங்கள் வாய்க்காலில் வாரக்கணக்கில் புழுதிதான் பறக்கும். ஆனால் நிலா ஈரடியில் ஒரு தவறு இருக்கிறது அம்மா. பனையிலிருந்து சொட்டுவது கள். கள் இறக்குவது வேறு, சாராயம் காய்ச்சுவது வேறு. ஊறல் போட்டு, அடுப்பில் ஏற்றி, ஆவியைக் குளிர வைத்து எடுப்பதுதான் சாராயம். பனைக்குப் பின்னால் இனிப்பாகச் சொட்டுகிறது என்று முதல் வரியில் சொல்லிவிட்டு, அடுத்த வரியில் காய்ச்சும் கலத்தைக் கொண்டுவந்தால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள்.

இன்னொன்று, ஆறு வருகிறபோது தண்ணீரைக் கேட்டு ஒற்றைக் கையை யாரும் நீட்டுவதில்லை. இரண்டு கையையும் சேர்த்துத்தான் ஏந்துவோம்.

அரசலாற்றங்கரை எழுதியது:

கள், சாராயம் இரண்டையும் நான் கலந்துவிட்டேன், உண்மைதான். ‘ஸ்வீட்’ என்பதை எடுத்துவிட்டு ‘வார்ம்’ என்று வைக்கிறேன். அசை எண்ணிக்கை மாறாது, சூடாகச் சொட்டினால் அடுப்பு உள்ளே வந்துவிடும், பனை வெறும் மறைப்பாக நிற்கும். கை பற்றி நான் நினைத்தது வேறு. ஏந்துவது இரண்டு கை, இரப்பது ஒரு கை. ஆறு வந்த பிறகும் ஒற்றைக் கையாக இருப்பதுதான் அந்த வரியின் கசப்பு. ஆனால் ஏந்தும் கையைப் பழகியவர் ஒருவர் அதைத் தவறாகப் படிக்கிறார் என்றால், வரி தன்னைத் தானே போதுமான அளவு காட்டவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

கல்லணைக்கு மாற்று வரி ஒன்று எழுதினேன்:
ஐ வாட்ச்ட் த ரிவர்ஸ் எவ்ரி சில்வர் ஸ்ட்ரேண்ட் ஸ்டில்.
நீ போன பிறகு ஆற்றின் வெள்ளி இழை ஒவ்வொன்றும் ஓய்ந்து அடங்குவதைப் பார்த்தேன். இங்கே ‘ஸ்டில்’ அடங்குதல் என்ற வினை, ஈற்றில் இயல்பாக உட்காருகிறது, பத்து அசையும் சரியாக வருகிறது.

குடமுருட்டி எழுதியது:

இலக்கணம் சுத்தம். கல்லணையில் ஆறு நான்காகப் பிரிவதால் ‘இழை’ என்பதற்கு இடமும் பொருந்துகிறது. இழப்பு என்ன என்றால், ஈராயிரம் ஆண்டுக் கல் போய்விட்டது, ‘நான் பார்த்தேன்’ என்ற பார்வையாளர் வந்துவிட்டார். கல்லுக்கு விளங்காத சொல் என்பது ஒரு ஷேருக்கு உரிய திடுக்கிடல். வெள்ளி இழை அழகுதான், ஆனால் அதை முன்பே எங்கோ பார்த்திருக்கிறோம். எதை வைப்பது என்று நான் சொல்ல மாட்டேன்.

திருவையாற்றுத் தம்புரா எழுதியது:

பாட்டு இல்லை என்று தெரிந்த பிறகும் படித்துக்கொண்டே இருந்தேன். நாங்கள் கீர்த்தனையில் ஒரே வரியைப் பாடிப் பாடி, ஒவ்வொரு முறையும் சங்கதி மாற்றுவோம். சொல் அதேதான், போய்ச் சேரும் பாதைதான் வேறு. உங்கள் ‘ஸ்டில்’ அதைத்தான் செய்கிறது போலிருக்கிறது. ஒரு ஐயம் மட்டும். உரக்கப் படித்துப் பார்த்தேன். ‘காண்ட்ராபேண்ட்’ என்ற சொல்லில் அழுத்தம் முதல் அசையில் விழுகிறது. ‘லேண்ட்’, ‘ஹேண்ட்’ ஆகியவற்றில் அழுத்தம் அந்த ஓரசையிலேயே விழுகிறது. காஃபியா விழுகிற இடத்தில் தாளம் நழுவவில்லையா?

குடமுருட்டி எழுதியது:

நழுவுகிறது ஐயா, நான் கவனித்திருக்க வேண்டும். அந்தச் சொல்லின் கடைசி அசைக்கு இரண்டாம் நிலை அழுத்தம் உண்டு, அதனால் முழுதாக விழாமல் தப்பிக்கிறது. ஆங்கிலச் செய்யுளில் இதை அனுமதிப்பவர்களும் உண்டு, முகம் சுளிப்பவர்களும் உண்டு. நடுவில் வரும் ஒரே ஷேரில் என்றால் நான் அனுமதிப்பேன். மத்லாவில் வந்திருந்தால் மறுத்திருப்பேன்.

அரசலாற்றங்கரை எழுதியது:

நன்றி ஐயா. ‘வார்ம்’ மாற்றத்தோடு நிலா ஈரடியை அப்படியே வைக்கிறேன். நடுச் சீட்டுகள் மூன்றையும் கலைத்துப் பார்த்தேன், எந்த வரிசையிலும் எதுவும் அந்தரத்தில் தொங்கவில்லை. கல்லணை ஈரடிக்கு மட்டும் இரண்டு சீட்டுகள் எழுதி வைத்திருக்கிறேன், ஒன்றில் கல், இன்னொன்றில் வெள்ளி இழை. பட்டறையில் எது கையில் வருகிறதோ அதைப் படிக்கப் போகிறேன். வெண்ணாற்று வாசகனின் வாதத்தை அங்கே உள்ளவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு வந்து எழுதுகிறேன்.

கடைமடைக்காரன் எழுதியது:

கல் சீட்டு வரட்டும் அம்மா. இந்த வாரம் எங்கள் வாய்க்காலுக்கு முறைத் தண்ணீர். நாற்றங்காலில் இருந்துவிட்டு வந்து படிக்கிறேன்.